வட்டி குறைகிறது, சரி. செலவு எந்த மாதம் ஈடாகிறது?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள்தான் இன்று எனக்கு முக்கியம். இந்த அரங்கில் பாதிப் பேருக்காவது மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். "சார், உங்க ஹோம் லோன் எந்த பேங்க்ல இருக்கு? என்ன வட்டி கட்டுறீங்க? எங்ககிட்ட மாத்திக்கிட்டா ஒரு பர்சன்ட் குறைச்சுத் தர்றோம்." பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள், டேக் ஓவர் என்கிறார்கள். பழைய வங்கியில் இருக்கும் கடனைப் புதிய வங்கி அடைத்துவிட்டு, அதே தொகையைக் குறைந்த வட்டியில் நம் பெயரில் எழுதிக்கொள்வது, அவ்வளவுதான் விஷயம்.

வட்டி குறைவது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் மாறுவதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை இன்றைக்கே கொடுக்க வேண்டும். லாபமோ மாதாமாதம் சிறுகச் சிறுக வரும். இன்று கொடுத்த பணம் எந்த மாதத்தில் முழுதாகத் திரும்பி வருகிறது? அந்த மாதத்துக்கு முன்னால் கடனை முடித்தால் நமக்கு நஷ்டம், அதைத் தாண்டிப் போனால் லாபம். அந்த மாதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கால்குலேட்டரே வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம் போதும். கடைசியில் அந்தக் காகிதத்தில் மூன்றே மூன்று எண்கள்தான் இருக்கும்.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் இவரைப் போல எத்தனையோ பேர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வங்கியில் அவருக்கு இன்னும் ரூ.30 லட்சம் அசல் பாக்கி. 15 ஆண்டுகள், அதாவது 180 தவணைகள் மிச்சம். வட்டி 9 சதவீதம். மாதத் தவணை ரூ.30,428. புதிய வங்கி 8 சதவீதத்துக்குத் தருவதாகச் சொல்கிறது. அந்த வங்கிக்காக ஆள் பிடிக்கும் முகவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேடம், பிராசஸிங் சார்ஜ் அரை பர்சன்ட், பதினஞ்சாயிரம்தான். இப்ப முப்பதாயிரத்து நானூறு கட்டுறீங்க. இனிமே இருபத்தஞ்சாயிரத்துத் தொண்ணூத்து மூணு கட்டினாப் போதும். மாசம் அஞ்சாயிரத்து முந்நூறு மிச்சம். மூணே மாசத்துல போட்ட காசு வந்துடும் மேடம்!"

பதினைந்தாயிரத்தை ஐயாயிரத்து முந்நூறால் வகுத்தால் மூன்றுக்கும் கீழேதான் வருகிறது. வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. பிறகு எங்கே இருக்கிறது பிழை? வகுத்த இரண்டு எண்களுமே தவறு. மேலே இருக்கும் எண்ணும் தவறு, கீழே இருக்கும் எண்ணும் தவறு. முதலில் மேலே இருப்பதைப் பார்ப்போம்.

பிராசஸிங் கட்டணம் ரூ.15,000. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.2,700. ஆக ரூ.17,700. முகவர் வாயிலிருந்து ஜி.எஸ்.டி. என்ற சொல் வருவது அபூர்வம். அடுத்து, புதிய வங்கி தன் வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கும். பொறியாளரை அனுப்பி வீட்டை மதிப்பிடும். பழைய வங்கி பத்தாண்டுக்கு முன் இதையெல்லாம் செய்துவிட்டதே என்று நாம் கேட்கலாம். அது பழைய வங்கிக்காகச் செய்தது. இந்த இரண்டுக்கும் சேர்த்து ரூ.8,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பெரிய செலவு. பத்திரத்தைப் புதிய வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைப்பதற்கு ஓர் ஆவணம் எழுத வேண்டும். வங்கியில் இதை எம்.ஓ.டி. என்பார்கள். தமிழ்நாட்டில் இதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். கடனில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை என்று எடுத்தால் ரூ.15,000, பதிவுக் கட்டணம் ரூ.6,000. இந்த வீதங்களை அரசு அவ்வப்போது மாற்றும், உச்சவரம்பும் உண்டு. அதனால் நீங்கள் மாறும் நாளில் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கடன் வாங்கியபோது இதே ஆவணத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. அது ரத்தாவதற்கு ஒரு ரசீது ஆவணம் பதிய வேண்டும். வில்லங்கச் சான்று, ஆவண எழுத்தர், நகல்கள், ஆட்டோ எல்லாவற்றுக்குமாக ரூ.3,300 போடுகிறேன்.

கூட்டிப் பாருங்கள். 17,700. அதோடு 8,000. அதோடு 21,000. அதோடு 3,300. சரியாக ரூ.50,000. பதினைந்தாயிரம் எங்கே, ஐம்பதாயிரம் எங்கே! பதிவுச் செலவும் வழக்கறிஞர் செலவும் வங்கியின் பையில் விழுவதில்லை. அதனால் வங்கியின் விளம்பரத்தில் அவை வருவதில்லை. பண்டிகைச் சலுகையாகப் 'பிராசஸிங் கட்டணம் முழுத் தள்ளுபடி' என்று போடுகிறார்களே, அப்போதும் நம் ஆசிரியைக்கு ரூ.32,300 செலவு இருக்கிறது.

ஒரு செலவு மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? பழைய வங்கிக்கு அபராதம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவிட்டுவிட்டது. அதற்கு முன் பழைய வங்கிக்கு நிலுவையில் இரண்டு சதவீதம் அழுதுவிட்டு வெளியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கடன் நிலையான வட்டிக் கடனாக இருந்தால் மட்டும் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். அபராதம் இருந்தால் அதையும் இந்த ஐம்பதாயிரத்தோடு சேர்க்க வேண்டும்.

இப்போது கீழே இருக்கும் எண்ணுக்கு வருவோம். மாதம் ஐயாயிரத்து முந்நூறு மிச்சம் என்றாரே, அது எங்கிருந்து வந்தது?

8 சதவீத வட்டியில் ரூ.30 லட்சத்தை அதே 15 ஆண்டுகளில் கட்டினால் தவணை ரூ.28,670. குறைவது ரூ.1,758 மட்டுமே. முகவர் சொன்ன ரூ.25,093 எப்படி வந்தது? அவர் கடனை மறுபடியும் 20 ஆண்டுக்கு எழுதிவிட்டார்! அதைச் சத்தமில்லாமல் செய்தார். தவணை குறைந்ததில் பெரும்பங்கு வட்டி குறைந்ததால் வந்ததே இல்லை. ஐந்து ஆண்டு கூடியதால் வந்தது.

அதன் விலை என்ன? பழைய வங்கியிலேயே இருந்தால் ஆசிரியை இனிக் கட்ட வேண்டியது 180 தவணைகளில் ரூ.54,77,040. முகவர் சொன்னபடி மாறினால் 240 தவணைகளில் ரூ.60,22,320. வட்டி ஒரு சதவீதம் குறைந்த பிறகும் கையிலிருந்து போவது ஐந்தரை லட்சம் கூடுகிறது. இதற்காக ஐம்பதாயிரம் செலவு வேறு!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தவணை குறைந்தே ஆக வேண்டிய வீடுகள் உண்டு. ஒரு சம்பளம் நின்றுபோயிருக்கும், மருத்துவச் செலவு வந்திருக்கும். அவர்கள் காலத்தை நீட்டிக்கொள்வதில் தவறு இல்லை. ஆனால் அது மூச்சு விடுவதற்கு வாங்கும் இடைவெளி. லாபக் கணக்கு அல்ல. இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்து 'மூணு மாசம்' என்று சொல்வதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் சரியான ஒப்பீடு எது? தவணையை மாற்றாதீர்கள். அதுதான் சூட்சுமம். ஆசிரியை இரண்டு நோட்டுகள் போடட்டும். முதல் நோட்டில் பழைய கடன்: ரூ.30 லட்சம், 9 சதவீதம், தவணை ரூ.30,428. இரண்டாம் நோட்டில் புதிய கடன்: 8 சதவீதம், தவணை அதே ரூ.30,428. இரண்டிலும் மாதாமாதம் கையிலிருந்து போவது ஒரே பணம். ஆகவே வித்தியாசம் ஒரே இடத்தில்தான் தெரியும்: பாக்கி அசலில்.

ஐம்பதாயிரத்தை எங்கே எழுதுவது? இரண்டாம் நோட்டின் கடனிலேயே சேர்த்துவிடுங்கள். புதிய நோட்டு ரூ.30,50,000-இல் தொடங்கட்டும். "நான் கடனில் சேர்க்கவில்லையே, கையிலிருந்துதானே கொடுத்தேன்?" என்று கேட்பீர்கள். கையிலிருந்த அந்த ஐம்பதாயிரத்தைப் பழைய கடனிலேயே அசலாகக் கட்டியிருக்கலாமே? கட்டியிருந்தால் அதற்குரிய வட்டி மிச்சமாகியிருக்கும். அந்த வட்டியை இழந்துதானே செலவு செய்தோம்? ஆகவே செலவுக்கும் வட்டி ஓட வேண்டும். பலர் கணக்கில் விடுபடுவது இதுதான்.

இனி இரண்டு நோட்டுகளும் ஓடட்டும். முதல் நாளில் புதிய கடன் ஐம்பதாயிரம் பின்தங்கி நிற்கிறது. முதல் மாதத்தில் பழைய கடனுக்கு வட்டி ரூ.22,500. புதிய கடனுக்கு, செலவையும் சேர்த்து, ரூ.20,333. புதியது ரூ.2,167 அளவுக்கு நெருங்கி வருகிறது. இரண்டாம் மாதம் மறுபடி நெருங்குகிறது. மூன்றாம் மாதம் மறுபடி. 22-ஆம் மாத முடிவில் இரண்டும் ஏறத்தாழ ரூ.28,11,000-இல் நிற்கின்றன, புதியது இன்னும் ஐந்நூறு ரூபாய் பின்னால். 23-ஆம் மாதத்தில் புதியது முந்திவிடுகிறது. பழையதில் பாக்கி ரூ.28,01,792, புதியதில் ரூ.27,99,975.

இதுதான் விடை. மூன்று மாதம் இல்லை ஐயா, 23 மாதம்! ஏறக்குறைய இரண்டு ஆண்டு.

நோட்டுப் போட நேரமில்லாதவர்களுக்குத்தான் அந்தத் துண்டுக் காகிதம். மூன்று எண்கள் என்றேன் அல்லவா? முதல் எண், பழைய கடனின் ஒரு மாத வட்டி: 22,500. இரண்டாம் எண், செலவையும் சேர்த்த புதிய கடனின் ஒரு மாத வட்டி: 20,333. மூன்றாம் எண், மொத்தச் செலவு: 50,000. முதலிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள், 2,167. அதால் மூன்றாவதை வகுங்கள். 23 வருகிறது. நோட்டு சொன்னதும் அதுதான்.

முதல் மாத வட்டியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு ஏன் இவ்வளவு கிட்டத்தில் வருகிறது? மாதங்கள் போகப் போக அசல் குறைகிறது, அதனால் வட்டி மிச்சமும் கொஞ்சம் குறைகிறது. அதே நேரத்தில், செலவில் ஒரு பகுதி திரும்பிவிட்டதால் செலவின் மேல் ஓடும் வட்டியும் குறைகிறது. ஒன்று நம்மைப் பின்னுக்கு இழுக்க, மற்றொன்று முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டும் ஏறத்தாழ சமமாகிவிடுகின்றன. ஈடாகும் காலம் இரண்டு மூன்று ஆண்டுக்குள் இருந்தால் இந்தக் குறுக்குவழி நம்பத் தகுந்தது. காலம் நீண்டால் சற்று விலகும். எவ்வளவு விலகும் என்பதையும் இப்போதே காட்டுகிறேன்.

புதிய வங்கி 8 சதவீதம் தராமல் 8.5 சதவீதம் தருகிறது என்று வையுங்கள். வட்டி வித்தியாசம் பாதியாகிவிட்டது. ஈடாகும் காலம் இரண்டு மடங்காகுமா? ஆகாது, அதற்கும் மேலே போகும்! செலவின் மேல் ஓடும் வட்டி பாதியாகக் குறையவில்லையே? குறுக்குவழி 56 மாதம் என்கிறது. நோட்டுப் போட்டுப் பார்த்தால் 52-ஆம் மாதம். இரண்டாண்டுக்கும் குறைவாக இருந்தது நான்கு ஆண்டு நான்கு மாதமாகிவிட்டது. அரை சதவீதத்துக்குக் கீழே உள்ள வித்தியாசத்தைச் சொல்லி யார் அழைத்தாலும், முழுச் செலவையும் நாமே தாங்கும் நிலையில், நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

மறுபடி ஒரு சதவீத வித்தியாசத்துக்கே வருகிறேன். 23-ஆம் மாதத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? அதே தவணையைக் கட்டிக்கொண்டே போனால் ஆசிரியையின் கடன் 166 தவணைகளில் முடிகிறது, ஒரு சில்லறைப் பாக்கி 167-ஆம் மாதத்தில் போகிறது. 180-க்குப் பதில் 166. பதினான்கு மாதத் தவணை மிச்சம். ஏறத்தாழ நான்கேகால் லட்சம் ரூபாய், ஐம்பதாயிரம் செலவும் அதன் வட்டியும் போக. ஆகவே மாறுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. முகவர் சொன்ன அதே வங்கி, அதே வட்டி, அதே கட்டணம். விண்ணப்பத்தில் காலம் என்ற கட்டத்தில் 20 ஆண்டு என்று எழுதினால் ஐந்தரை லட்சம் கூடுதலாகக் கட்டுகிறார். 14 ஆண்டு என்று எழுதினால் நான்கு லட்சத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கிறார்.

சரி, 23 மாதம் என்று தெரிந்துவிட்டது. அது நல்லதா, கெட்டதா? எண் மட்டும் பதில் சொல்லாது. நீங்கள் எத்தனை நாள் இந்தக் கடனோடு இருக்கப் போகிறீர்கள் என்பது பதில் சொல்லும்.

வாடகை வீடு மாறுபவரை நினைத்துப் பாருங்கள். வாடகை மாதம் இரண்டாயிரம் குறைகிறது என்று லாரி வைத்து, வெள்ளையடித்து, புது வீட்டுக்குப் போகிறார். ஆறாவது மாதம் வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டால்? கடனிலும் அப்படித்தான். அடுத்த ஆண்டு வீட்டை விற்கப் போகிறவருக்கு, ஓய்வுபெற்று வரும் பணிக்கொடையில் கடனை முடிக்கப் போகிறவருக்கு, ஊரில் இருக்கும் மனையை விற்று அடைக்கப் போகிறவருக்கு 23 மாதம் என்பது எட்டாத தூரம்.

முழுதாக முடிப்பவருக்கு மட்டுமல்ல, பகுதியாக அசல் கட்டுபவருக்கும் இது பொருந்தும். ஆண்டுதோறும் போனஸ் வந்ததும் இரண்டு லட்சம் அசலில் கட்டும் நல்ல பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? அசல் வேகமாகக் கரைந்தால், ஒரு சதவீத மிச்சம் வர வேண்டிய தொகையும் கரைகிறது. செலவோ முதல் நாளே முழுதாகப் போய்விட்டது. ஈடாகும் மாதம் இன்னும் தள்ளிப்போகும்.

கடைசி ஆண்டுகளில் இருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். ரூ.8 லட்சம் பாக்கி, நான்கு ஆண்டு மிச்சம், அதே 9 சதவீதம். 8 சதவீதத்துக்கு மாறினால் தவணை ரூ.19,908-லிருந்து ரூ.19,530 ஆகிறது. மாதம் ரூ.378. நாற்பத்தெட்டு மாதமும் கட்டி முடித்தால் மொத்த மிச்சம் ரூ.18,144. செலவு எவ்வளவு? பிராசஸிங் கட்டணமும் முத்திரைத்தீர்வையும் கடனோடு குறையும். வழக்கறிஞரும் பொறியாளரும் வீட்டைப் பார்க்கத்தான் பணம் வாங்குகிறார்கள், பாக்கியைப் பார்த்து அல்ல. முன்பு சொன்ன அதே வீதங்களில் போட்டால் ஏறத்தாழ ரூ.26,000 வருகிறது. இவருக்கு ஈடாகும் மாதம் எது? அப்படி ஒரு மாதமே இல்லை! வட்டி குறைந்தும் நஷ்டம். வீட்டுக்கடனில் வட்டியின் பெரும்பகுதி முற்பாதி ஆண்டுகளில் போய்விடுகிறது. பிற்பாதியில் மிச்சம் பிடிக்க வட்டியே அதிகம் பாக்கி இல்லை.

இப்போது ஒரு கேள்வி. இத்தனை நேரம் 9 சதவீதத்தையும் 8 சதவீதத்தையும் ஒப்பிட்டோம். அந்த 9 சதவீதம் கல்லில் செதுக்கியதா?

இல்லை. ஆசிரியை புதிய வங்கியின் சலுகைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய வங்கிக் கிளைக்கே போகட்டும். "வட்டியைக் குறைத்துத் தருகிறீர்களா, அல்லது நான் மாறட்டுமா?" என்று எழுத்தில் கேட்கட்டும். ஒழுங்காகத் தவணை கட்டும் வாடிக்கையாளரை இழக்க எந்தக் கிளை மேலாளருக்கும் மனம் வராது. பல இடங்களில் கன்வர்ஷன் கட்டணம் என்று ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு வட்டியைக் குறைக்கிறார்கள். வழக்கறிஞர் இல்லை, பொறியாளர் இல்லை, சார்பதிவாளர் அலுவலகம் இல்லை. ரூ.6,000 வாங்கிக்கொண்டு 8.4 சதவீதம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

புதிய வங்கி 8, பழைய வங்கி 8.4. எது மேல்? இனிமேல் 9 என்ற எண்ணைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அது போய்விட்டது. இப்போதைய கேள்வி: கூடுதலாக ரூ.44,000 கொடுத்து, கூடுதலாக 0.4 சதவீதம் வாங்குவது எப்போது ஈடாகும்? முப்பது லட்சத்துக்கு 0.4 சதவீதம் மாதம் ஆயிரம் ரூபாய். நாற்பத்து நாலாயிரத்தின் மேல் ஓடும் வட்டி மாதம் ஏறத்தாழ ரூ.293. மிஞ்சுவது ரூ.707. வகுத்தால் 62 மாதம், நோட்டுக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தாண்டு. 23 மாதத்தில் ஈடாகும் என்று நினைத்தது, பழைய வங்கி ஒரு படி இறங்கி வந்ததும் ஐந்தாண்டாகிவிட்டது. முகவர் இதைச் சொல்ல மாட்டார். அவர் வேலை அது அல்ல.

பழைய கடன் எந்த அளவுகோலில் ஓடுகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்தைய கடன்கள் சில இன்னும் எம்.சி.எல்.ஆர். கணக்கிலோ, அதற்கும் முந்தைய பேஸ் ரேட் கணக்கிலோ கிடக்கின்றன. இரண்டு கடனும் ரெப்போவோடு கட்டியதாக இருந்தால், ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே அசையும். நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும், நம் 23 மாதமும் பெரிதாக மாறாது. ஒன்று ரெப்போ, மற்றொன்று எம்.சி.எல்.ஆர். என்றால் இடைவெளியே மாதத்துக்கு மாதம் மாறக்கூடும். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவைப் படிப்படியாகக் குறைத்தபோது, ரெப்போக் கடன்காரர்களுக்கு மூன்று மாதத்துக்குள் பலன் வந்தது. எம்.சி.எல்.ஆர். கடன்காரர்களில் பலர் தங்கள் மறுநிர்ணய நாள் வரும்வரை காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருப்பவர் மாறுவதற்கு முன், தன் மறுநிர்ணய நாள் எப்போது என்று பார்க்க வேண்டும். அடுத்த மாதமே தானாக இறங்கப் போகும் வட்டிக்காக ஐம்பதாயிரம் செலவு செய்யலாமா?

இனி, கையெழுத்துப் போடும் மேஜைக்கு வருவோம். 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கு வழங்கப்படும் கடன்களுக்கெல்லாம் வங்கி ஒரு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேளுங்கள், கொடுப்பார்கள். எல்லாக் கட்டணமும் அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமில்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. அதில் ஏ.பி.ஆர். என்று ஓர் ஆண்டு விகிதம் அச்சிட்டிருக்கும், கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 8 சதவீதக் கடனுக்கு ஏ.பி.ஆர். அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும். ஏன்? கட்டணத்தைக் கடன் காலம் முழுமைக்கும் பரப்பிக் காட்டுகிறார்கள். நீங்கள் மூன்றாம் ஆண்டில் கடனை முடித்தால் அதே கட்டணம் மூன்று ஆண்டின் தலையில் விழும். ஏ.பி.ஆர். உங்கள் ஈடாகும் மாதத்தைச் சொல்லாது. துண்டுக் காகிதம்தான் சொல்லும்.

அதே மேஜையில் இன்னொரு தாள் வரும். கடன் காப்பீடு. ஒரே பிரீமியம், கடனிலேயே சேர்த்துவிடுவார்கள், 'தவணையில் இருநூறு முந்நூறுதான் கூடும்' என்பார்கள். காப்பீடு கெட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே போதுமான டேர்ம் காப்பீடு இருந்து, வட்டிச் சலுகைக்காக மட்டும் இதை வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பிரீமியம் முழுவதும் மாறும் செலவுதான். ஆசிரியை ரூ.60,000 பிரீமியத்துக்குத் தலையாட்டினால் செலவு ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகிறது. புதிய கடன் ரூ.31,10,000. அதற்கு மாத வட்டி ரூ.20,733. நெருங்கி வரும் வேகம் ரூ.1,767. வகுத்துப் பாருங்கள். 62 மாதம்! ஒரே ஒரு கையெழுத்து, ஏறத்தாழ மூன்று ஆண்டு தள்ளிவிடுகிறது.

வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி மட்டும். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை கழிவு உண்டு. ஆசிரியையின் வட்டி இப்போதைக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் அந்த வரம்பைத் தாண்டியே இருக்கிறது, ஆகவே அவர் கணக்கு மாறாது. வட்டி அந்த வரம்புக்குக் கீழே வந்துவிட்டவர்களுக்கு, மிச்சமாகும் வட்டியில் ஒரு பங்கை வரிக் கழிவு குறைவது தின்றுவிடும்.

கடைசியாக, மாறும் அந்தச் சில நாட்கள். பழைய வங்கியிடம் ஃபோர்குளோசர் லெட்டரும், அவர்கள் கையில் இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் வாங்க வேண்டும். ஃபோர்குளோசர் லெட்டரில் ஒரு தேதியும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சேரும் வட்டியும் இருக்கும். ஆசிரியையின் கடனுக்கு அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ரூ.740. புதிய வங்கி காசோலையைக் கையில் கொடுத்த நாளிலிருந்தே தன் வட்டியைத் தொடங்கிவிடும். அந்தக் காசோலை பழைய வங்கியில் வரவாகும் வரை பழைய வட்டியும் ஓடும். ஒரு வாரம் இழுத்தால் ஐயாயிரம் ரூபாய் இரட்டை வட்டி, அதாவது ஈடாகும் மாதம் இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போகிறது. காசோலை கைக்கு வந்ததும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அன்றே கொண்டுபோய்க் கொடுத்து, வரவான ரசீதை வாங்கிவிடுங்கள்.

பழைய வங்கி கடனை முடித்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் புதிய வங்கிக்குப் போய்ச் சேராவிட்டால், சில வங்கிகள் அதுவரை அபராதக் கட்டணம் போடும். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே தேடுங்கள். இருந்தால் எத்தனை நாள் அவகாசம், அதன்பின் எவ்வளவு கட்டணம் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த அவகாசம் 30 நாளுக்குக் குறைவாக இருந்தால், அதை நீட்டித் தரச் சொல்லிக் கேட்க வேண்டிய இடம் அந்த மேஜைதான்.